சனிக்கிழமை ‘உன் வீட்டில்’ விருந்து

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கு அலுவலகங்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பொறியாளரை நினைத்துக்கொள்வோம். ஸ்பானிய மொழியை ஓரளவு படித்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து நாற்காலிக்காரர் அவரிடம் சொல்கிறார்: “தே எஸ்பெராமோஸ் எல் சாபதோ என் து காசா.” சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘சனிக்கிழமை உன் வீட்டில் உனக்காகக் காத்திருப்போம்’ என்று வரும். பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தன் வீட்டில் இரண்டு தட்டுதான் இருக்கிறது. இவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள்?

யாரும் வரப்போவதில்லை. மெக்சிகோவில் ‘உன் வீடு’ என்றால் அழைக்கிறவரின் வீடு. வயதில் மூத்தவராக இருந்தால் ‘சு காசா’, அதாவது ‘உங்கள் வீடு’ என்பார். முகவரி சொல்லும்போதுகூட, “உங்கள் வீடு இன்ன தெருவில், இன்ன எண்ணில் இருக்கிறது” என்று தன் வீட்டைத்தான் சொல்வார். வெளிநாட்டவர் இதில் குழம்புவது மெக்சிகோக்காரர்களுக்குப் பழகிப்போன வேடிக்கை. ஆனால் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். அந்தச் சனிக்கிழமை நம் பொறியாளரால் போக முடியாது. அதை எப்படிச் சொல்வது?

பாடப்புத்தகம் சொல்லித்தந்தது ‘நோ புவேதோ, கிராசியாஸ்’. ‘முடியாது, நன்றி.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்கிறவர் முகம் ஒரு கணம் வாடிப்போகும். மெக்சிகோவில் மறுப்பு என்பது ஒரு சொல் அல்ல, ஒரு சிறு உரையாடல். அதற்கு வரிசை உண்டு, சுற்றுகள் உண்டு. முதல் சுற்றிலேயே கதவைச் சாத்திவிட்டால், ‘அழைத்ததே இவருக்குப் பிடிக்கவில்லையோ’ என்று தோன்றிவிடும்.

பழகியவர் ஒருவர் மறுப்பதைக் காதுகொடுத்துக் கேட்டால் வரிசை புரியும். முதலில் வருவது மகிழ்ச்சி: “ஆய், கே பாத்ரே, முச்சாஸ் கிராசியாஸ்!” (‘அடடா, எவ்வளவு நல்ல விஷயம், ரொம்ப நன்றி!’) அடுத்து ஆசை: “மே என்காந்தாரீயா”, வர எனக்குக் கொள்ளை ஆசைதான். இந்த ‘ரீயா’ என்ற முடிவு முக்கியம். ‘நடந்திருந்தால் நன்றாயிருக்கும்’ என்ற தொனி அதில் இருப்பதால், வாக்கியம் முடியும் முன்பே கேட்பவருக்கு விடை தெரிந்துவிடும். அப்புறம்தான் காரணம். அது பெரும்பாலும் மூன்று சிறு சொற்களோடு கிளம்பும்: “பெரோ எஸ் கே…” தமிழில் ‘ஆனா என்னன்னா…’ என்று இழுப்போமே, அதே இழுப்பு. “எஸ் கே” காதில் விழுந்ததுமே ஸ்பானிய மொழிக்காரர் எவரும் பின்னால் ஒரு சாக்கு வருகிறது என்று தெரிந்துகொள்வார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். ‘எனக்கு வர விருப்பமில்லை’ என்பதைத் தவிர எதையும் சொல்லலாம். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், பரீட்சை இருக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்று, கையால் தொட்டுக் காட்டக்கூடிய காரணமாக ஒன்று போதும். மூன்று காரணம் அடுக்கினால் மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். கடைசியில் வருத்தமும் வாக்குறுதியும்: “கே லாஸ்திமா, ஆ வேர் சி லா ப்ரோக்சிமா.” ‘அடப்பாவமே, அடுத்த முறை பார்ப்போம்.’

இத்தனையும் சொல்லி முடித்ததும் பொறியாளர் பெருமூச்சு விடுவார். ஆனால் அழைத்தவர் இன்னும் முடிக்கவில்லை. அவர் சொல்வது: “ஆந்தலே, அவுங்கே சேயா உன் ரதீத்தோ!” ‘அட வாப்பா, கொஞ்ச நேரமாவது வந்துட்டுப் போ!’

இங்கேதான் அந்நியர்கள் பலர் தடுமாறுகிறார்கள். காரணம் சொன்ன பிறகும் வற்புறுத்துகிறாரே, நம்பவில்லையா என்று கோபம் வருகிறது. அமெரிக்காவில் பணியாற்றும் மொழியியலாளர் சேசார் ஃபெலிக்ஸ்-பிராஸ்தெஃபர், மெக்சிகோக்காரர்களும் அமெரிக்கர்களும் மறுப்பைச் சொல்வதிலும் எடுத்துக்கொள்வதிலும் உள்ள வேறுபாட்டை 2008-இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். வற்புறுத்தல் பல அமெரிக்கர்களுக்குத் தொல்லையாகப் படுகிறது. மெக்சிகோவிலும் லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் அது எதிர்பார்க்கப்படும் ஒன்று. ஒருமுறை ‘வரலை’ என்றதும் ‘சரி’ என்று விட்டுவிட்டால்தான் தப்பு: அப்படியானால் கூப்பிட்டது ஒப்புக்குத்தானா?

ஆகவே இரண்டாம் சுற்றுக்கும் ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். புதுக் காரணம் தேடக் கூடாது, பழையதையே இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ‘உண்மையாவே முடியாது, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் எங்க குழு முழுக்க வேலையில இருக்கு’ என்கிறபோது, முன்பு சொன்ன ‘வேலை’ என்ற காரணத்துக்கு உடம்பு வந்துவிடுகிறது. அழைத்தவர் மூன்றாம் சுற்றில் விட்டுக்கொடுப்பார்: “புவேனோ, நீ மோதோ. பெரோ லா ப்ரோக்சிமா நோ தே மே எஸ்காபாஸ்.” ‘சரி, என்ன செய்ய. ஆனா அடுத்த தடவை எங்கிட்டேருந்து தப்ப முடியாது.’ இதற்கு “சின் ஃபால்தா”, தவறாமல் வருவேன் என்று சொல்லி முடித்தால் இருவர் மனதும் நிறைந்திருக்கும். மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மறுப்பு இவ்வளவு உழைப்பு கேட்பதால், பலர் மறுப்பதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். “வோய் ஆ த்ரதார்” (முயன்று பார்க்கிறேன்), “யோ தே அவீசோ” (நான் சொல்கிறேன்), “ப்ரிமேரோ தியோஸ்” (கடவுள் விட்டால்) என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். இதில் ஏமாற்று இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பாதி இல்லை என்பது தெரியும். உண்மையான ‘ஆமாம்’ எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு அடையாளம் போதும்: வரப்போகிறவர் கேள்வி கேட்பார். எத்தனை மணிக்கு, எந்தப் பேருந்து, ‘என்ன வாங்கிட்டு வரட்டும்?’ என்று. அழைப்புக்கும் இதே சோதனை பொருந்தும். நாளும் மணியும் இருந்தால் அது அழைப்பு. ‘ஒருநாள் வீட்டுப் பக்கம் வாயேன்’, ‘எப்பவாவது காப்பி குடிப்போம்’ என்பதெல்லாம் அன்பான வணக்கங்கள். அதற்கு நாட்குறிப்பைத் திறந்து தேதி கேட்டால் எதிராளி திண்டாடுவார். மாட்ரிதிலும் “ஆ வேர் சி கெதாமோஸ்” (சந்திப்போம், பார்ப்போம்) என்பது அதே ரகம்தான். மற்றபடி மாட்ரிதில் பேச்சு கொஞ்சம் நேரடியானது. நெருங்கிய நண்பர்களிடம் ‘முடியாதுப்பா, வேலை இருக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னொரு சனிக்கிழமை பொறியாளர் வருவதாக ஒப்புக்கொள்கிறார். மதிய உணவு மூன்று மணிக்கு. அங்கே ‘கொமீதா’ எனப்படும் பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில்தான். மூன்று என்றால் மூன்றே காலுக்கு மணி அடிப்பது நல்லது. சரியாக மூன்றுக்குப் போனால் வீட்டம்மா தலைமுடியைத் துவட்டிக்கொண்டே கதவைத் திறக்க நேரிடும்.

அவர் சைவம் என்றால் அதை ஒப்புக்கொண்ட அன்றே சொல்லிவிட வேண்டும், சாப்பாட்டு மேசையில் அல்ல. குவாதலஹாரா இருக்கும் ஹாலிஸ்கோ மாநிலத்தின் பெருமையான பதார்த்தம் ‘பிரியா’, மசாலாவில் ஊறவைத்து மெதுவாக வேகவிட்ட ஆட்டுக்கறி. அதைக் காலையிலிருந்து சமைத்துவிட்டு நிற்பவரிடம் ‘நான் கறி சாப்பிட மாட்டேன்’ என்றால் எந்த மரியாதைச் சொல்லும் காப்பாற்றாது. முன்கூட்டியே, ‘நான் கறி சாப்பிடறதில்லை, எனக்காக எதுவும் சிரமப்பட வேண்டாம்னுதான் இப்பவே சொல்றேன்’ என்று சொன்னால் போதும். அப்போதும் ‘சரி, கோழி சாப்பிடுவீங்கதானே?’ என்ற கேள்வி வரும். சிரித்துக்கொண்டே அதையும் மறுக்க வேண்டியிருக்கும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் இருப்பதால் அதையும் இதமாகக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

வாசலில் கையில் ஒரு கேக் பெட்டியோடு நிற்கிறார். நண்பரின் அம்மா அதை வாங்கிக்கொண்டே, “நோ சே உபியேரா மொலெஸ்தாதோ!” என்கிறார். ‘இதுக்கெல்லாம் சிரமப்பட்டிருக்க வேண்டாமே!’ இதைக் கண்டனம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கக் கூடாது. ‘ஒண்ணுமே இல்லை, சின்னதா ஒண்ணு’ என்று பரிசைக் குறைத்துச் சொன்னால் அந்தச் சுற்று முடிந்தது.

சாப்பாட்டு மேசையில்தான் பாராட்டு தொடங்குகிறது. இங்கே ஒரு சின்ன இலக்கண நுணுக்கம் பெரிய வேலை செய்கிறது. ‘சுவையாக இருக்கிறது’ என்று உணவைப் பற்றிச் சொல்ல “எஸ்தா ரிக்கீசிமோ” என்பார்கள். அது நல்ல பாராட்டுதான். ஆனால் மெக்சிகோவில் வீட்டம்மாக்கள் காது குளிர்வது வேறொன்றைக் கேட்டு: “கே ரீக்கோ லே கெதோ, சென்யோரா!” ‘உங்களுக்கு எவ்வளவு அருமையா வந்திருக்கு!’ முதல் வாக்கியம் உணவைப் புகழ்கிறது. இரண்டாவது கையைப் புகழ்கிறது. அந்த ‘லே’ என்ற ஒற்றை எழுத்தொலியில்தான் சமைத்தவர் உள்ளே வருகிறார். நண்பரே சமைத்திருந்தால் ‘லே’ போய் ‘தே’ வரும், ‘உங்களுக்கு’ என்பது ‘உனக்கு’ ஆகும். நண்பரை எப்போதும் ‘து’ என்று ஒருமையில் அழைத்தாலும், அவருடைய அம்மாவை, அவரே விட்டுக்கொடுத்துச் சொல்லும் வரை ‘உஸ்தேத்’ என்று மரியாதையாகவே அழைக்க வேண்டும்.

ஒரு பொறியையும் இங்கேயே காட்டிவிடலாம். உணவைப் பற்றி ‘எஸ்தா புவேனோ’ (நன்றாயிருக்கிறது) என்றால் தவறில்லை. அதே ‘எஸ்தா புவேனா’வை ஒரு பெண்ணைக் குறித்துச் சொன்னால் அது உடலைப் பற்றிய கொச்சைப் பேச்சு, வீட்டில் அமைதி விழுந்துவிடும். ஆளின் தோற்றத்தை விட்டுவிட்டு, கைவேலையையும் வீட்டையும் தோட்டத்தையும் புகழ்வதே புதியவருக்குப் பத்திரம். ‘கே’ என்று தொடங்கி, ஒரு பெயரடையும் பொருளும் சேர்த்தால் பாராட்டு தயார்: “கே போனீதா காசா!” எவ்வளவு அழகான வீடு!

பாராட்டுக்கு வரும் பதில்தான் வெளியாளுக்கு விசித்திரம். புகழப்பட்டவர் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். குழம்பைப் புகழ்ந்தால் ‘அட, இதுல என்ன இருக்கு, ரொம்பச் சுலபம்’. சட்டையைப் புகழ்ந்தால் ‘இதுவா? பல வருஷமா கிடக்குது’ அல்லது ‘தள்ளுபடியில் எடுத்தது’. இதைக் கேட்டுப் பாராட்டியவர் ‘ஓ, அப்படியா’ என்று ஓய்ந்துவிட்டால் அது பாதியில் நின்ற ஆட்டம். இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வேண்டும்: ‘இல்லை, நிஜமாவே பிரமாதம், எப்படிச் செஞ்சீங்கன்னு எனக்குச் சொல்லித்தரணும்.’ செய்முறையைக் கேட்பது மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் சமையலுக்கு அளிக்கப்படும் உயர்ந்த பட்டம். இளையவர்கள் இப்போது ‘கிராசியாஸ்’ என்று நேராக ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் வெறும் ‘கிராசியாஸ்’ கொஞ்சம் வறட்சியாக ஒலிப்பதால், கூடவே ‘நீங்க ரொம்ப நல்லவங்க’ என்பது மாதிரி ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தருவார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தையோ மேசைவிரிப்பையோ புகழ்ந்தால் “ஆ சுஸ் ஓர்தெனெஸ்” என்று பதில் வரலாம். ‘உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறது’, அதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல. கொலம்பியாவில் இதையே “ஆ லா ஓர்தென்” என்பார்கள். எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. நன்றி சொல்லி, அது அந்தச் சுவரில்தான் அழகு என்று விட்டுவிட வேண்டும்.

இதற்கிடையே தட்டில் அள்ளி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ‘இன்னும் கொஞ்சம்?’ என்ற கேள்விக்கு வெறும் ‘கிராசியாஸ்’ சொன்னால் அது ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளப்படும்; வேண்டுமென்றால் ‘ஆமாம்’ என்பதற்கு ‘சீ’ சேர்க்க வேண்டும். அர்ஜென்டினாவில் இது இன்னும் கறார். அங்கே ‘மாத்தே’ என்ற மூலிகைப் பானத்தை ஒரே குடுவையில், ஒரே உறிஞ்சு குழலில் வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள். ஊற்றித் தருபவரிடம் காலிக் குடுவையைத் திருப்பும்போது ‘கிராசியாஸ்’ என்றால், ‘எனக்கு இத்தோடு போதும்’ என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் மரியாதையாக நன்றி சொல்லும் வெளிநாட்டவர் முதல் சுற்றிலேயே வட்டத்திலிருந்து விலகியவர் ஆகிவிடுவார். பிறகு ஏன் நமக்கு மட்டும் தரவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

மெக்சிகோவில் போதும் என்பதற்கு ஒரு கை அசைவும் உண்டு. உள்ளங்கை தன் பக்கம் பார்க்க, புறங்கை எதிராளிக்குத் தெரிய, கையை மெல்ல உயர்த்துவது. தெருவில் விற்பவருக்கும் பணியாளருக்கும் அது ‘நன்றி, வேண்டாம்’. வீட்டில் அது மட்டும் போதாது, வாயும் திறக்க வேண்டும்: “அசீ எஸ்தோய் பியேன், கிராசியாஸ்.” ‘இப்படியே போதும், நன்றி.’ அம்மா விட மாட்டார். “உன் போகித்தோ”, ஒரே ஒரு துளி என்பார். இங்கே மட்டும் பொறியாளருக்கு ஓர் அறிவுரை: முதல் முறை மறுத்துவிட்டு இரண்டாம் முறை அந்தத் துளியை வாங்கிக்கொள்வதே எளிது. மூன்றாம் முறைக்கு “யா நோ மே காபே”, இனி இடமில்லை என்று வயிற்றைத் தட்டிக் காட்டினால் எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகக் கூடாது. தட்டுகள் எடுக்கப்பட்ட பிறகும் அதே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு ‘சொப்ரெமேசா’ என்று பெயரே இருக்கிறது. காப்பி வரும், கேக் வெட்டப்படும், பழைய கதைகள் வரும். இரண்டு மணி நேரம் ஓடினாலும் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.

கிளம்புவதும் சுற்றுகளாகவே நடக்கும். ‘சரி, அப்போ நாங்க கிளம்பறோம்னு நினைக்கிறேன்’ என்பது அறிவிப்பு மட்டுமே. ‘இவ்வளவு சீக்கிரமா? இன்னொரு காப்பி?’ என்று கேட்பார்கள். எழுந்து நின்று பேசுவது, கதவருகே பேசுவது, காருக்கு அருகே பேசுவது என்று அது நீளும். நன்றி சொல்வதற்கான இடம் கதவுதான். அதில் மூன்று விஷயங்கள் இருந்தால் முழுமை: எல்லாவற்றுக்கும் நன்றி (“முச்சாஸ் கிராசியாஸ் போர் தோதோ”), சாப்பாடு அருமை, நேரம் நன்றாகப் போனது (“லா பசாமோஸ் முய் பியேன்”). கடைசியானதை விட்டுவிட்டால், உணவகத்தில் நன்றி சொன்ன மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டைவிட, கூட இருந்ததற்கே அந்த வீடு கதவு திறந்தது.

பதிலாக ‘பரவாயில்லை’ வராது. “அல் கொன்த்ராரியோ, கிராசியாஸ் ஆ உஸ்தெதெஸ்” என்பார்கள்: ‘நேர்மாறாக, வந்ததுக்கு உங்களுக்குத்தான் நன்றி.’ நன்றி திரும்பி வந்துவிட்டது. கூடவே “அகீ தியேனென் சு காசா” என்று அந்த வீட்டையும் மறுபடி கொடுத்துவிடுவார்கள். பிறகு சமையலறையிலிருந்து ஒரு டப்பா வரும். மிச்சமான உணவை விருந்தாளிக்குக் கட்டிக்கொடுப்பதற்கு மெக்சிகோவில் ‘இதகாதே’ என்று பெயர்; பழைய நாவாட்ல் மொழிச் சொல் அது. ஒருமுறை ‘ஐயோ, எதுக்கு’ என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். டப்பாவைத் திருப்பித் தர மறந்தால் அது அந்த வீட்டில் பல காலம் பேசப்படும்.

நன்றியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினில் நெருங்கிய நண்பர்களுக்குள் ஒவ்வொரு உப்புக் கிண்ணத்துக்கும் ‘கிராத்தியாஸ்’ சொன்னால் (அங்கே நடுவெழுத்து ‘த்தி’ என்றே ஒலிக்கும்) விலகி நிற்பது போலப் படும். ‘நன்றி சொல்றதை நிறுத்தறியா!’ என்று செல்லமாகத் திட்டவும் செய்வார்கள். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் தாராளமாகச் சொல்லலாம். போகோதாவில் “கே பேனா கொன் உஸ்தேத்” (உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேனே என்று கூச்சமாக இருக்கிறது) என்பதையும் நன்றியோடு கலந்து நாள் முழுக்கக் கேட்கலாம்.

கிளம்பும்போது கடைசியாகக் கேட்பது “மே அவீசாஸ் குவாந்தோ யேகெஸ்.” ‘போய்ச் சேர்ந்ததும் சொல்லு.’ இதை வெறும் வழக்கமாக எடுத்துக்கொண்டு மறந்துவிடக் கூடாது. அந்த அம்மா நிஜமாகவே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்து சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: வந்துவிட்டோம், எல்லாவற்றுக்கும் நன்றி. மறுநாள் காலை இன்னொரு வரி எழுதினால் மிகச் சிறப்பு: நேற்று ரொம்ப நன்றாக இருந்தது, அடுத்தது என் வீட்டில்.

‘அடுத்தது என் வீட்டில்’ என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாள் சொல்லாத அந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பொறியாளர் உண்மையாகவே தோசை சுட்டுப் போட நினைத்தால், பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, மூன்று மணி என்று எழுத வேண்டும். நண்பரின் அம்மா உடனே ‘உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம், எனக்கும் அன்னைக்கு…’ என்று இழுப்பார். இப்போது பொறியாளரின் முறை. ‘ஆந்தலே, சென்யோரா, கொஞ்ச நேரமாவது வந்துட்டுப் போங்க’ என்று அவர்தான் இன்னும் ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னும் இருமுறை, அழைக்க வேண்டும்.